45 வயதில் கணக்குவேலைக்கு வந்த ஒரு அக்காவும் அவரை எடுத்த முதலாளியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் சில கடைகளுக்கு, மில்களுக்கு நான் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். கணக்குக்கு ஆள் எடுக்கும்போது முதலாளிமார் என்னையும் பக்கத்தில் இருத்துவார்கள். அதனால் வயது என்று வரும்போது அந்த மேசைக்கு இந்தப் பக்கத்தில் என்ன கதைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வேலை தேடி வருபவரிடம் அதை யாரும் சொல்வதில்லை. "பார்த்துவிட்டு அறிவிக்கிறோம்" என்பதோடு முடித்துவிடுவார்கள், அவரும் தனக்குத் திறமை காணாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

இங்கே எழுதப்போவது ஒரு அக்காவின் கதை. ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம், பிறந்தது 1979 இல். சுனாமிக்குப் பிறகு என்.ஜி.ஓக்கள் நிறைய வந்த காலத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து, ஒரு திட்டம் முடிய இன்னொன்று என்று கிட்டத்தட்ட பதினெட்டு வருடம் ஓடியவர். கடைசித் திட்டமும் முடிந்து அடுத்தது வராமல் போனபோது அவருக்கு 44. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். அந்த இடத்திலிருந்துதான் கணக்குத்துறைக்கு வந்தார், இன்று கல்முனையில் ஒரு கட்டடப்பொருள் மொத்த வியாபாரத்தில் கணக்கு உத்தியோகத்தர்.

ஏன் கணக்கு என்று கேட்டேன். வேறு கதவுகளைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அரச வேலை விண்ணப்பங்களில் பல பதவிகளுக்கு வயதெல்லை 30 அல்லது 35 உடன் நின்றுவிடும், அங்கே வயது திகதிக்கணக்கில் தள்ளப்படும் விஷயம், யாரிடமும் கதைத்துப் பயனில்லை. வங்கிகளின் பயிலுனர் வேலைகள் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கானவை. பிறகு ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்குப் போனார். அங்கே மரியாதையாகத்தான் கதைத்தார்கள், ஆனால் எடுக்கவில்லை. அதற்கு அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது, கணக்காய்வுப் பயிலுனர் என்ற வேலையே இளம் ஆட்களை மனதில் வைத்து அமைந்தது. சிறிய கொடுப்பனவு, வெளியூர் போய்த் தங்க வேண்டும், மேலே இருந்து வேலை சொல்பவருக்கு 24 வயது. ஆக வயது எங்கே சட்டமாக நிற்கிறது, எங்கே வழமையாக நிற்கிறது, எங்கே முதலாளியின் மனதில் வெறும் சந்தேகமாக நிற்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். மூன்றாவது இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. சொந்தக்காரரே நேரில் நின்று நடத்தும் நடுத்தர வியாபாரங்கள் அப்படியான இடங்கள், கிழக்கில் அவற்றுக்குக் குறைவில்லை.

அந்த அக்கா முதலில் அனுப்பிய சுயவிபரக்கோவையை எனக்குக் காட்டினார். மூன்று பக்கம். தலைமைத்துவப் பயிற்சி, வலுவூட்டல் செயலமர்வு, முரண்பாட்டு முகாமைத்துவம் என்று சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. ஒரு ஹாட்வெயார் முதலாளி இதை எடுத்துப் பார்த்தால் அவருக்கு இதில் ஒன்றும் பிடிபடாது, பிடிபடும் ஒரே விஷயம் பிறந்த திகதி. யாரோ அவருக்குப் பிறந்த திகதியை எடுத்துவிடச் சொல்லி, அப்படியும் சில இடங்களுக்கு அனுப்பியிருக்கிறார். நம் நாட்டில் அது சரிவராது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணே பிறந்த வருடம், புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கு எண். ஊழியர் சேமலாப நிதிக்குப் பதிய அந்த இலக்கம் வேண்டும், ஆகவே எப்படியும் தெரியவரும். தெரியவரும்போது "ஏன் மறைத்தார்?" என்ற கேள்வியும் சேர்ந்து வரும், கணக்குக்கு எடுக்கப்போகும் ஆளிடம் ஒரு முதலாளி கேட்கவே விரும்பாத கேள்வி அது.

சரி, முதலாளியின் மனதில் என்னதான் இருக்கிறது? "வயது கூடிப்போச்சு" என்று அவர் சொன்னால், அதற்குள் வேறு வேறு பயங்கள் இருக்கும். ஒன்று, பழைய வேலையில் வாங்கிய சம்பளத்தை இங்கேயும் கேட்பாரோ என்பது. அடுத்தது, ஏற்கெனவே கடையில் இருக்கும் 26 வயதுப் பொடியன் வேலை சொன்னால் கேட்பாரோ, முகத்தைத் தூக்குவாரோ என்பது. மூன்றாவது கணினி. இந்த மூன்றையும்தான் நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். நோய் நொடி, லீவு என்பதையும் சிலர் சொல்வார்கள், ஆனால் இருபத்தைந்து வயதுக்காரரும் லீவு எடுப்பது அவர்களுக்குத் தெரியும், அது பெரிதாக நிற்பதில்லை.

இன்னொரு பயம் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பணிக்கொடை. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்த ஆள் விலகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் கொடுக்கவேண்டும், 1983 இன் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 45 வயதில் சேர்ந்து 60 வரை இருந்தால் 15 வருடம், அதாவது ஏழரை மாதச் சம்பளம். "இளம் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் கட்டாருக்குப் போய்விடும், இந்த மனிசி போகமாட்டா" என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார், அதை ஒரு குறையாகவே சொன்னார்! நான் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் விலகினால் புதியவர் பழகும்வரை தவறும் ஒரே ஒரு காசோலை, கொம்பனிக்காரன் கடனை நிறுத்தினால் நிற்கும் சீமெந்து லொறி, இவற்றோடு பார்த்தால் வருடத்துக்கு அரை மாதம் சிறிய தொகை.

கல்முனை முதலாளிக்கு இதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை, அவர் பட்டிருந்தார். கட்டடப்பொருள் வியாபாரம் பின்திகதியிட்ட காசோலையில் ஓடுவது. கொழும்புக் கொம்பனிக்கு 30 நாள், 60 நாள் தள்ளித் திகதி போட்டுக் காசோலை கொடுப்பார்கள், வாங்கிப்போகும் மேசன்மார், கொந்தராத்துக்காரர் அதேமாதிரி இவருக்குக் கொடுப்பார்கள். எந்தத் திகதிக்கு எவ்வளவு வெளியே போகிறது, அதற்குமுன் எவ்வளவு உள்ளே வருகிறது என்ற பதிவேடுதான் அந்தக் கடையின் உயிர். அதை எழுதிக்கொண்டிருந்த பொடியன் வெளிநாடு போனபோது பதிவேடு பாதியில் நின்றது, காசோலை திரும்பியது, ஒரு கொம்பனி கொஞ்சக் காலம் காசு வைத்தால்தான் சாமான் என்றது. அந்தச் சூட்டோடுதான் ஆள் தேடினார்.

இதற்கு முந்திய ஒரு வருடத்தில் அந்த அக்கா என்ன செய்தார் என்பதுதான் என் பார்வையில் இந்தக் கதையின் நடுப்பகுதி. ஒரு மாலை வகுப்பில் கணக்கீட்டின் அடிப்படையைப் படித்தார், வரவு செலவிலிருந்து பரீட்சை மீதி, ஐந்தொகை வரை. அது எல்லோரும் செய்வது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய மச்சாள் நடத்தும் பாமசியின் கணக்கைச் சம்பளமில்லாமல் கையில் எடுத்தார், அதுதான் வித்தியாசம். காசேடு, சிறு காசேடு, மாதம் முடிய வங்கிக் கணக்கிணக்கம், இரண்டு பேருக்கான சம்பளப் பட்டியல், சேமலாப நிதிப் படிவம். எக்செல்லில் செய்தார். ஆறு மாதத்துக் கணக்கைப் பெயர்களையும் கணக்கிலக்கங்களையும் அடித்துவிட்டு ஒரு கோப்பாகக் கட்டினார். மச்சாளிடம் அனுமதி கேட்டுத்தான் செய்தார், இதைப் பார்த்துச் செய்ய நினைப்பவர்களும் கட்டாயம் கேளுங்கள்.

சுயவிபரக்கோவையும் ஒரு பக்கமானது. முதல் வரியில் இப்போது செய்யக்கூடிய கணக்குவேலை. அதற்குக் கீழே பழைய வேலையில் காசோடும் சாமானோடும் தொடர்பான பகுதி மட்டும்: வெளிக்கள அலுவலகத்தின் சிறு காசைப் பொறுப்பாக வைத்திருந்தது, நிவாரணப் பொருள் களஞ்சியத்தின் இருப்புப் பதிவு, நன்கொடையாளருக்குத் தலைப்புவாரியாகச் செலவு அறிக்கை. பதினெட்டு வருட வேலையில் பெரும்பகுதி வெளியே போனது. அவருக்கு அது நோவாக இருந்தது. "அண்ணா, இவ்வளவு காலம் செய்ததெல்லாம் ஒன்றுமில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று யார் சொன்னது, ஆனால் இந்தக் கடைக்குத் தேவையானது இதுதான். பிறந்த திகதி கடைசி வரியில், மறைக்காமல்.

நேர்முகத்துக்கு மூன்று பேர் வந்தார்கள், மற்ற இருவரும் இருபதுகளில். முதலாளி கேள்வி கேட்கவில்லை, என்னிடம் ஒரு தாள் தயார்செய்யச் சொல்லியிருந்தார். வங்கிக் கணக்கிணக்கம் ஒன்று கொடுத்தேன். காசேட்டின்படி மீதி 412,500 ரூபா, வங்கிக்கூற்றில் 486,300. கொடுத்த காசோலைகளில் இரண்டு வங்கிக்கு வரவில்லை, 62,000 உம் 28,500 உம். வைப்பிலிட்ட 35,000 வங்கியில் இன்னும் ஏறவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் நேரே கணக்குக்கு அனுப்பிய 20,000 உம் வங்கிக் கட்டணம் 1,700 உம் காசேட்டில் எழுதப்படவில்லை. இவ்வளவுதான். காசேட்டில் 20,000 ஐக் கூட்டி 1,700 ஐக் கழித்தால் 430,800, வங்கிப் பக்கத்தில் வராத காசோலைகள் 90,500 ஐக் கழித்து 35,000 ஐக் கூட்டினால் அதே 430,800.

இளம் பிள்ளைகள் இருவரும் விரைவாகச் சரியாகவே முடித்தார்கள். அந்த அக்கா இரண்டு மடங்கு நேரம் எடுத்தார், விடை அதேதான். ஆனால் தாளின் அடியில் ஒன்று எழுதியிருந்தார்: 28,500 ரூபா காசோலையின் திகதி ஏழு மாதம் முந்தியது, இது யாருக்குக் கொடுத்தது, அவர் ஏன் போடவில்லை? ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி எடுக்காது. அப்படியானால் அது "இன்னும் வராத காசோலை" அல்ல, இரத்துச் செய்து காசேட்டில் திரும்ப வரவு வைத்து, அந்த வழங்குனருக்குக் கடன்பட்டிருப்பதாகக் காட்டவேண்டும். அப்போது இரண்டு பக்கமும் 459,300 ஆகும். நான் திகதிகளைத் தாளில் போட்டிருந்தேன், ஆனால் கேள்வியில் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேண்டுமென்றே வைத்ததுதான்.

முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க தங்கச்சி, இது எப்படித் தெரிஞ்சது?" என்றார். களஞ்சியத்தில் வேலைசெய்தபோது, கணக்கில் இருந்து நிலத்தில் இல்லாத மூட்டைகளைத் தேடித் தேடியே பழகிவிட்டது, நெடுநாள் அசையாமல் இருக்கும் வரியைக் கண்டால் கேட்காமல் விடமாட்டேன் என்றார். பிறகு பாமசிக் கோப்பை நீட்டினார். முதலாளி அதை முன்னும் பின்னும் புரட்டினார், வயதைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார்.

அவர் கேட்டது நான் மேலே எழுதிய மூன்றுதான். சம்பளம்: முந்தி வாங்கியதைவிட நன்றாகக் குறைவு என்று தெரிந்தே வந்தேன், 45,000 தந்தால் சேருவேன், ஆறு மாதத்தில் வேலையைப் பார்த்துக் கூட்டுங்கள் என்றார். இங்கே ஒன்று கவனியுங்கள், தொகையை அவரே சொன்னார். முதலாளி மனதில் அதைவிடப் பெரிய எண்ணை வைத்துக்கொண்டு பயப்பட்டுக்கொண்டிருந்தார். 45,000 இல் அவரிடம் பிடிப்பது 8 வீதம் 3,600, முதலாளி சேமலாப நிதிக்குப் போடுவது 12 வீதம் 5,400, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,350, ஆக முதலாளிக்கு மாதம் 51,750. இருபது வயதுக்காரருக்கும் இதே வீதங்கள்தான்.

இளையவரின் கீழ் வேலை செய்வது: "அந்தத் தம்பிதான் உங்கட சொப்ட்வெயாரில் எனக்கு வாத்தியார், வாத்தியாருக்கு வயது பார்க்கிறதில்லை" என்றார். கணினி: தட்டச்சு மெதுவென்று ஒளிக்காமல் சொன்னார், பிறகு எக்செல்லைத் திறந்து காசோலைகளைத் திகதிவாரியாக அடுக்கி, அடுத்த இரண்டு கிழமையில் வங்கியில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று காட்டினார். முதலாளிக்கு அந்த ஒரு அட்டவணைதான் தேவையாக இருந்தது.

வேலை கிடைத்தது, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு. முதல் மூன்று மாதம் கஷ்டம்தான். மெதுவாக இருப்பது ஒரு பிரச்சினை, ஆனால் பெரிய பிரச்சினை வேறு. என்.ஜி.ஓவில் பற்றுச்சீட்டில்லாமல் ஒரு சதம் வெளியே போகாது. கடையிலோ முதலாளி லாச்சியிலிருந்து காசை எடுத்து லொறி றைவருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த அக்கா பற்றுச்சீட்டுக் கேட்டு நிற்க, றைவர்மார் கோபிக்க, பொடியனும் "அன்ரி, இங்க அப்படியெல்லாம் இல்லை" என்று சலிக்க, இரண்டாம் மாதத்தில் முதலாளி எனக்குப் போன் எடுத்து, "ஆள் நல்லம், ஆனா இறுக்கம்" என்றார். பழைய துறையின் பழக்கத்தைக் கொண்டுவரும் எல்லோருக்கும் இந்த இடம் வரும். வேலைதருபவர் அதை "வயதுபோன பிடிவாதம்" என்று எழுதிக்கொள்வார். அறிகுறியும் தெரியும்: உங்களிடம் நேரே வராமல் பொடியனிடம் வேலையைக் கொடுக்கத் தொடங்குவார்கள். அந்த அக்கா அதைக் கண்டுகொண்டார். லாச்சிக்குள் ஒரு சின்னக் கொப்பி வைத்தார், திகதி, தொகை, எதற்கு, ஒரு கையெழுத்து. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் கொப்பி போதும். மாதம் முடிய அந்தக் கொப்பியைக் கூட்டிக் காட்டியபோது, சில்லறையாகப் போகிறது என்று நினைத்த காசு எவ்வளவு என்று முதலாளிக்கே தெரியவந்தது. அதன்பிறகு அவர் வேலையை நேரே அந்த அக்காவிடமே கொடுத்தார்.

இது எல்லோருக்கும் பொருந்தும் வழியல்ல. அவருடைய கணவருக்கு நிலையான வருமானம் இருந்தது, அதனால்தான் ஒரு வருடம் சம்பளமில்லாமல் படிக்கவும் பாமசிக் கணக்குப் பார்க்கவும் பிறகு குறைந்த சம்பளத்துக்குச் சேரவும் முடிந்தது. வீட்டுக் கடனோடு தனியாக உழைக்கும் 45 வயதுக்காரருக்கு இதையே செய் என்று நான் சொல்லமாட்டேன், அவர் இருக்கும் வேலையை விடாமல் பின்னேரத்தில் ஒரு கடையின் கணக்கைப் பிடிக்கவேண்டும், காலம் கூட எடுக்கும். பெரிய நிறுவனங்களில் சுயவிபரக்கோவையை முதலில் வடிகட்டுபவருக்குக் காசோலைத் திகதியைக் கவனித்ததெல்லாம் தெரியப்போவதுமில்லை. முதலாளியே தாளைப் பார்க்கும் இடத்தில்தான் இது நடந்தது. வயதைக் காட்டித் தனியார் துறையில் ஒருவரை எடுக்காமல் விட்டால் போய் முறையிட அவருக்கு ஒரு கதவும் எனக்குத் தெரிந்து நம் நாட்டில் இல்லை, அது மாறவேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

நியமனக் கடிதம் வந்தபோது ஒரு விஷயம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு பழைய கடித மாதிரி இருந்தது, அதில் ஓய்வுபெறும் வயது 55 என்று அப்படியே கிடந்தது. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதையும் ஓய்வு வயதையும் முதலாளி ஒன்றாகக் குழப்பி, "இன்னும் அஞ்சு வருஷம்தானே" என்றும் எண்ணியிருந்தார். நிதியை எடுக்கும் வயது வேறு, ஓய்வு வயது வேறு. தனியார் துறைக்கு 2021 இன் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது அந்த அக்காவுக்கு 42, அந்த வயதுக்காரருக்கு ஓய்வுபெறும் ஆகக்குறைந்த வயது 60. நான் எடுத்துச் சொல்ல முதலாளி மறுக்கவில்லை, 15 வருடம் இருக்கப்போகும் ஆள் என்றால் நல்லதுதானே என்றார். 55 ஐ வெட்டி 60 என்று அடித்துக் கடிதத்தைத் திரும்ப எடுத்தோம், அந்த அக்கா சேமலாப நிதி இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.